ஆறாவது வரியில் இருந்த ஆபத்து

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டர்கள் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். இரண்டு பக்கம் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாலும் கண் நேராகப் போய் நிற்பது ‘இம்ப்ரெஷன்’ என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் நாலைந்து வரிகளில். உறையை வாங்கியவுடன் நோயாளியின் மகனோ மருமகளோ செய்வதும் அதேதான். தெரிந்த டாக்டர் ஒருவருக்கு வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பும்போதும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கம் மட்டுமே போகிறது.

அந்த நாலைந்து வரியை எப்படி எழுதுவது என்பதில் ரேடியாலஜிஸ்டுகளுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. ரிப்போர்ட்டின் நடுப்பகுதிக்கு ‘ஃபைண்டிங்ஸ்’ என்று பெயர். படத்தில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அங்கே வரும். அதிலிருந்து பிறப்பதுதான் இம்ப்ரெஷன், அதாவது முடிவுரை. ஃபைண்டிங்ஸில் உள்ள வரிகளை அதே வரிசையில் சுருக்கி, எண் போட்டு இறக்கிவிட்டால் முடிவுரை ஆகிவிடும் என்று எண்ணுவோர் நிறைய. ரிப்போர்ட்டில் பிழை என்று ஒரு வரிகூட இல்லாமலே ஒரு நோயாளிக்கு ஆபத்து வர அந்த எண்ணம் ஒன்றே போதும்.

எப்படி என்பதை ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். விளக்குவதற்காகக் கட்டிய மாதிரிதான். ஆனால் இதில் வருகிற ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில் தினமும் டைப் ஆகிக்கொண்டிருக்கிற வரி.

நோயாளிக்கு 62 வயது. 12 நாட்களுக்கு முன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இரவு பத்து மணிக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, நாடித்துடிப்பு 118. டூட்டி டாக்டருக்கு உடனே வரும் சந்தேகம் பல்மனரி எம்பாலிசம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதிகம் அசையாமல் படுத்திருப்பவரின் கால் நரம்பில் ரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி பிய்ந்து இதயம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்துக்கொள்ளும் நோய் அது. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுக்கிறார்கள். கோரிக்கைச் சீட்டில் கேள்வி தெளிவாக இருக்கிறது: பல்மனரி எம்பாலிசம் இருக்கிறதா?

ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் வரும். அதன் ஃபைண்டிங்ஸைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“தைராய்டு இயல்பான அளவில் உள்ளது. மூச்சுக்குழல் சீராக உள்ளது. இரு நுரையீரல்களின் மேல் மடல்களிலும் பழைய தழும்புக் கோடுகளும் சுண்ணாம்பு படிந்த சிறு முடிச்சுகளும் உள்ளன. வலது மேல் மடலில் 9 மி.மீ. அளவில், ஓரம் ஒழுங்கற்ற, சுண்ணாம்பு படியாத திட முடிச்சு ஒன்று உள்ளது. வலது கீழ் மடலில் நுரையீரல் உறையை ஒட்டி ஆப்பு வடிவில் ஒரு வெண்பகுதி உள்ளது. வலது பக்கம் சிறிதளவு நீர் கோத்துள்ளது. இதயத்தின் வலது கீழறை விரிந்துள்ளது. வலது, இடது கீழறைகளின் அகல விகிதம் 1.3. வலது கீழ் மடல் தமனியிலும் இடது கீழ் மடலின் கிளைத் தமனிகளிலும் கான்ட்ராஸ்ட் நிரம்பாத இடங்கள் உள்ளன. கல்லீரலில் லேசான கொழுப்பு. பித்தப்பையில் சில கற்கள், சுவர் தடிக்கவில்லை. இடது சிறுநீரகத்தின் மேல்முனையில் 2 செ.மீ. சாதாரண நீர்க்கட்டி. முதுகெலும்பில் வயதுக்குரிய தேய்மானம்.”

இதைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. பார்த்தவர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். கோளாறு தொடங்குவது இதற்குக் கீழே வந்த முடிவுரையில்:

“1. இரு மேல் மடல்களிலும் பழைய தொற்றின் தழும்புகள். 2. வலது மேல் மடலில் முடிச்சு. 3. வலது கீழ் மடலில் வெண்பகுதி, நிமோனியாவாக இருக்கலாம். 4. வலது பக்கம் சிறிதளவு நீர். 5. வலது கீழறை விரிவு. 6. நுரையீரல் தமனிக் கிளைகளில் கான்ட்ராஸ்ட் நிரம்பாத இடங்கள், பல்மனரி எம்பாலிசமாக இருக்கலாம். 7. கொழுப்புக் கல்லீரல். 8. பித்தப்பைக் கல். 9. சிறுநீரக நீர்க்கட்டி. 10. முதுகெலும்புத் தேய்மானம். நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்.”

கேட்ட கேள்விக்குப் பதில் ஆறாவது வரியில், அதுவும் ‘இருக்கலாம்’ என்ற போர்வைக்குள் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு நான்கு நோயாளிகளைக் கையில் வைத்துக்கொண்டு போன் திரையில் இதைப் படிக்கும் டூட்டி டாக்டரை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வரியில் ‘நிமோனியா’ கண்ணில் படுகிறது. மூச்சுத்திணறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் ஆன்டிபயாடிக் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் அவரைக் குறை சொல்வது கஷ்டம்.

ரேடியாலஜிஸ்டுக்கு ஏன் இந்த வரிசை வருகிறது? அவர் படத்தைப் பார்க்கும் வரிசை அது. நெஞ்சு சி.டி. என்பது நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்களின் அடுக்கு. கழுத்திலிருந்து ஆரம்பித்து மூச்சுக்குழல், நுரையீரல், இதயம், தமனிகள், வயிற்றின் மேற்பகுதி, எலும்பு என்று ஒரு பாதை வைத்துக்கொண்டு போனால்தான் எதுவும் விட்டுப்போகாது. தமனியில் கட்டியைக் கண்ட உற்சாகத்தில் தேடலை அங்கேயே நிறுத்திவிட்டால், இரண்டு அங்குலம் மேலே இருக்கும் முடிச்சு கண்ணுக்குப் படாமலே போகும். ஒன்று கிடைத்ததும் தேடுகிற மனம் திருப்தியடைந்துவிடுவது இந்தத் தொழிலின் பேர்போன கண்ணிகளில் ஒன்று. அதனால்தான் மாணவர்களுக்கு உறுப்பு உறுப்பாகப் பார்க்கவும், பார்த்தபடியே மைக்கில் சொல்லவும் பழக்குகிறார்கள்.

ஆக, ஃபைண்டிங்ஸின் வரிசை தேடுகிறவருக்கு உதவும் வரிசை. முடிவுரையைப் படிக்கிறவர் எதையும் தேடவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து வரிசையைக் கலைத்துப் போட்டாக வேண்டும்.

கலைக்கும் வேலை கோரிக்கைச் சீட்டிலிருந்து தொடங்குகிறது. கேட்டது என்ன? அதற்கு ‘ஆம்’, ‘இல்லை’, ‘இந்தப் படத்தில் சொல்ல முடியவில்லை’ என்ற மூன்றில் ஒன்றுதான் முதல் வரி. இதை ஏதோ நவீன நிர்வாகத் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்ரே கண்டுபிடிப்பு உலகத்துக்குத் தெரியவந்த 1896ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் வில்லியம் மார்ட்டன் என்ற டாக்டர் சக மருத்துவர் ஒருவருக்கு எழுதிய கடிதம், இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்பது கேள்வி. குறிப்பிடத்தக்க அளவில் கல் ஏதும் இல்லை என்பதுதான் கடிதத்தின் முதல் வாக்கியம். இடுப்பெலும்பு தெரிகிறது, முதுகெலும்பு தெரிகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். படம் தான் விரும்பிய அளவுக்கு அழுத்தமாக வரவில்லை, ஆனாலும் இந்தத் தீர்ப்புக்குப் போதும் என்று கடைசியில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். பதில், ஆதாரம், படத்தின் வரம்பு என்று எல்லாம் ஒரு சின்னக் கடிதத்தில் அடங்கிவிட்டது. டெம்ப்ளேட்டும் டிக்டேஷன் மென்பொருளும் வந்த பிறகு நாம் அந்த வரிசையைத் தொலைத்தோம் என்பது சற்றுக் கூச்சம் தரும் விஷயம்தான்.

மார்ட்டனின் பதில் ‘இல்லை’ என்பதையும் கவனிக்க வேண்டும். நம் நோயாளிக்குத் தமனிகள் சுத்தமாக இருந்திருந்தால், ‘நுரையீரல் தமனிகளில் ரத்தக்கட்டி இல்லை’ என்பதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். படத்தில் அசாதாரணமாக இருப்பதை மட்டுமே முடிவுரையில் பட்டியலிடுகிறவர்கள் இந்த ‘இல்லை’யை விட்டுவிடுவார்கள். அப்போது இல்லை என்று அர்த்தமா, பார்க்கவே இல்லையா என்று கேட்டு வார்டிலிருந்து போன் வரும்.

அடுத்த வேலை கோர்ப்பது. பழைய முடிவுரையில் மூன்றாவது வரி வெண்பகுதி, நான்காவது நீர், ஐந்தாவது கீழறை விரிவு, ஆறாவது கட்டி. நான்கு தனித்தனிச் செய்திகள் போல நிற்கின்றன. உண்மையில் இவை ஒரே கதையின் நான்கு துண்டுகள். வலது கீழ் மடலுக்குப் போகும் தமனி அடைபட்டிருக்கிறது. அதே மடலில், உறையை ஒட்டி, ஆப்பு வடிவில் வெண்பகுதி இருக்கிறது. ரத்தம் கிடைக்காமல் கருகிய நுரையீரல் திசு பெரும்பாலும் அந்த வடிவில்தான், அந்த இடத்தில்தான் தெரியும். அதன் எரிச்சலில் பக்கத்தில் கொஞ்சம் நீர் சுரப்பதும் வழக்கம். அடைத்த தமனிக்குள் ரத்தத்தைத் தள்ளப் போராடுவதால் வலது கீழறை விரிந்திருக்கிறது. நிமோனியா என்ற தனிச் சந்தேகத்துக்கு இந்தக் கதையில் முன்வரிசையில் இடமில்லை. காய்ச்சலும் சளியும் இருந்தால் வேறு பேச்சு.

இந்தக் கோர்ப்பை ரேடியாலஜிஸ்ட் செய்யாவிட்டால் வார்டில் இருப்பவர் செய்ய வேண்டும். அவரிடம் படம் இல்லை, வரிகள் மட்டும்தான் இருக்கின்றன. ஆப்பின் முனை அடைபட்ட தமனியை நோக்கி இருக்கிறதா என்பதைப் படத்தின் முன்னால் உட்கார்ந்தவரால்தான் சொல்ல முடியும்.

அந்த 1.3 என்ற எண்ணையும் சற்று நின்று பார்க்க வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் இதயத்தின் இரண்டு கீழறைகளையும் அவை அதிக அகலமாகத் தெரியும் இடத்தில், உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளக்கிறார்கள். உடம்பு முழுக்க ரத்தம் தள்ளும் இடது அறைதான் சாதாரணமாகச் சற்று அகலம். வலது அறை அதற்குச் சமமாகி, அதையும் தாண்டினால், அதாவது விகிதம் 1க்கு மேல் போனால், வலது இதயம் திணறுகிறது என்று பொருள் கொள்கிறார்கள். நோயாளியை வார்டில் வைத்து ஹெப்பாரின் தருவதா, ஐ.சி.யூ.வுக்கு மாற்றி எக்கோவும் ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனையும் செய்து மணிக்கணக்கில் கவனிப்பதா என்ற முடிவில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ரத்த அழுத்தம் சரிந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். 12 நாட்களுக்கு முன்னால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அதில் ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் அந்த யோசனையை முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். இப்படிப்பட்ட எண்ணைக் கட்டியிலிருந்து பிரித்து, ‘வலது கீழறை விரிவு’ என்று தனி வரியில் அநாதையாக விட்டிருந்தது பழைய முடிவுரை.

எண்ணுக்கும் வரம்பு இருக்கிறது. பல வருடமாக நுரையீரல் நோய் உள்ளவருக்கு வலது கீழறை ஏற்கெனவே விரிந்திருக்கலாம். பழைய எக்கோ இருந்தால் அதோடு ஒப்பிட்ட பிறகுதான் இந்தத் திணறல் இன்றைக்கு வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியும்.

இனி வரிசை. எந்த நோய் பெரியது என்று பார்த்து வரிசைப்படுத்தினால் இங்கே குழப்பம் வரும். வலது மேல் மடலில் இருக்கும் 9 மி.மீ. முடிச்சு புற்றுநோயாக இருக்கலாம். வீட்டில் யாரைக் கேட்டாலும் ரத்தக்கட்டியைவிடப் புற்றுநோய்தான் பயங்கரம் என்பார்கள். ஆனால் அந்த முடிச்சு நாளை காலையிலும் அதே 9 மி.மீ.தான் இருக்கும். ரத்தக்கட்டி விஷயத்தில் நாளை காலை என்பதே நிச்சயமில்லை. எனவே முடிவுரையில் வரிசையைத் தீர்மானிப்பது கடிகாரம். எதற்கு எவ்வளவு நேரத்துக்குள் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்பதே அளவுகோல். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் பணிக்குழு ஒன்று 2014இல் வெளியிட்ட பரிந்துரையும் இப்படித்தான் பிரிக்கிறது: சில நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டியவை, சில மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டியவை, சில நாட்களுக்குள் சொன்னால் போதும் என்பவை.

நம் நோயாளியின் கட்டி முதல் வகை. முடிச்சு மூன்றாவது வகை.

மூன்றாவது வகை என்றதும் சின்ன விஷயம் என்று ஆகிவிடாது. ரிப்போர்ட்டில் தொலைந்துபோவதற்கு அதிக வாய்ப்புள்ளது இந்த வகைதான். கட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது, மூச்சு சீராகிறது, ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். சம்மரியில் ‘பல்மனரி எம்பாலிசம், சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்று எழுதி ரத்தம் உறையாமைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். முடிச்சைப் பற்றி யாரும் நோயாளியிடம் பேசவில்லை. அவரை அனுமதித்தவர் எலும்பு டாக்டர், கட்டியைப் பார்த்தவர் ஃபிசிஷியன், இரவில் ரிப்போர்ட்டைப் படித்தவர் டூட்டி டாக்டர். மூன்று பேரில் முடிச்சு யாருடைய பொறுப்பு? ‘வலது மேல் மடலில் முடிச்சு’ என்ற மொட்டை வரி அதைச் சொல்லவில்லை.

பழைய முடிவுரையில் அது நின்ற இடமும் கெடுதல் செய்தது. முதல் வரியில் பழைய தொற்றின் தழும்பு, இரண்டாவது வரியில் முடிச்சு. நம் ஊரில் மேல் மடல் தழும்பு என்றால் எந்த டாக்டரும் எப்போதோ வந்து ஆறிய காசநோய் என்று எடுத்துக்கொள்வார். பக்கத்திலேயே வரும் முடிச்சையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார். சுண்ணாம்பு படிந்த சின்ன முடிச்சுகள் அந்தக் கணக்கைச் சேர்ந்தவைதான். ஆனால் இந்த 9 மி.மீ. முடிச்சில் சுண்ணாம்பு இல்லை, ஓரமும் ஒழுங்காக இல்லை. ரத்தக்கட்டியால் கருகிய திசு என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மேல் மடலுக்குப் போகும் தமனியில் அடைப்பில்லை. அதற்கும் மேலே ஒன்று: புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் கட்டியாகும் வாய்ப்பு அதிகம். இவருக்கு அறுவை சிகிச்சையே போதுமான காரணம் என்றாலும், இந்த இரண்டும் ஒரே படத்தில் இருப்பதைக் கண்டும் காணாமல் விட முடியாது.

தற்செயலாகக் கண்ணில் படும் நுரையீரல் முடிச்சுகளை என்ன செய்வது என்பதற்கு ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இருக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஏற்கெனவே புற்றுநோய் இல்லாதவர்களுக்கு, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாதவர்களுக்கு அது பொருந்தும். 6 மி.மீ.க்குக் குறைவான ஒற்றைத் திட முடிச்சு, ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு இருந்தால், வழக்கமான தொடர் கண்காணிப்புகூட வேண்டாம் என்கிறது. 8 மி.மீ.ஐத் தாண்டினால் மூன்று வழிகள்: 3 மாதத்தில் மறு சி.டி., பெட்-சி.டி., அல்லது ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பது. நம்மவரின் முடிச்சு இந்தக் கடைசிப் பிரிவில் வருகிறது. ஆனால் ரத்தம் உறையாமைக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நுரையீரலில் ஊசி விடுவது ரத்தக்கசிவை விலைக்கு வாங்குவது. பெட்-சி.டி.யோ காசநோய்க் கட்டியிலும் புற்றுநோய் போலவே ஒளிரக்கூடியது. இதையெல்லாம் எடைபோட்டால் 3 மாத மறு சி.டி. பலருக்கும் ஏற்புடைய வழியாகத் தோன்றும். பழைய சி.டி. வீட்டுப் பரணில் எங்காவது கிடந்து, இரண்டு வருடமாக முடிச்சு அப்படியே இருக்கிறது என்று தெரியவந்தால் கதை தலைகீழாக மாறிவிடும். பழைய படம் இருக்கிறதா என்று கேட்பதும் அதனால்தான் அந்த வரியிலேயே இடம்பெற வேண்டும்.

மிச்சம் இருப்பவை: கொழுப்புக் கல்லீரல், பித்தப்பைக் கல், நீர்க்கட்டி, தேய்மானம், தழும்பு. இவற்றை முடிவுரையிலிருந்து நீக்குவதுதான் இந்த வேலையிலேயே மனசு வராத பகுதி. ‘சொல்லாமல் விட்டாய்’ என்று நாளைக்கு யாராவது கேட்டால்? அந்தப் பயம்தான் பத்து வரி முடிவுரைகளைப் பெற்றெடுக்கிறது. ஆனால் இவை ஃபைண்டிங்ஸில் பதிவாகித்தான் இருக்கின்றன, எங்கும் போய்விடவில்லை. முடிவுரைக்கு வருவதற்கு ஒரு வரிக்கு இருக்க வேண்டிய தகுதி, அதைப் படித்து யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்பது. சாதாரண நீர்க்கட்டிக்குப் பின்தொடர் பரிசோதனை எதுவும் வேண்டாம். 62 வயதில் முதுகெலும்பு தேயாமல் இருந்தால்தான் செய்தி. பித்தப்பைக் கல்லில் மட்டும் இரண்டு கட்சி உண்டு. வலி வந்தால் உதவும், ஒரு வரி இருக்கட்டும் என்பார் ஒருவர். மூச்சுத்திணறலுக்கு எடுத்த படத்தில் அது எதற்கு என்பார் இன்னொருவர். அழற்சி அறிகுறி இல்லை என்று சேர்த்துக் கடைசி வரியில் வைத்துவிடலாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

சொற்களின் உறுதியும் வரிசையோடு சேர்ந்ததுதான். ‘இருக்கலாம்’ என்பதை ஆறாவது வரியும் மூன்றாவது வரியும் ஒரே மாதிரி பயன்படுத்தியிருந்தன. பெரிய தமனியில், அடுத்தடுத்து வரும் பல வெட்டுப்படங்களில், கான்ட்ராஸ்ட் சுற்றிலும் நிரம்பி நடுவில் மட்டும் கறுப்பாக நிற்கும் இடம் கட்டிதான். அங்கே ‘இருக்கலாம்’ வேண்டாம். மாறாக, நோயாளி மூச்சை அடக்க முடியாமல் அசைந்து படம் மங்கியிருந்து, மிகச் சின்னக் கிளையொன்றில் ஒரே ஒரு வெட்டில் மட்டும் கறுப்பு தெரிந்தால், ‘இருக்கலாம், இந்தப் படத்தில் உறுதிசெய்ய முடியவில்லை’ என்பதுதான் நேர்மை. வரிசையை மாற்றி எழுதும் அவசரத்தில் ஒரு ‘இருக்கலாம்’ தவறிப்போய் ‘இருக்கிறது’ ஆகிவிட்டால், அது முன்பிருந்ததைவிட மோசமான ரிப்போர்ட். கடைசியில் ஒட்டியிருந்த ‘நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்ற வாசகத்தை எடுத்துவிடலாம். எந்த டாக்டரும் அதைச் செய்யாமல் இருக்கப்போவதில்லை. எதோடு பொருத்த வேண்டும் என்று தெரிந்தால், எக்கோவா, பழைய சி.டி.யா என்று பெயர் சொல்லிக் கேட்பதே மேல்.

இத்தனைக்கும் பிறகு முடிவுரை இப்படி வருகிறது:

“1. இரு நுரையீரல்களின் கீழ் மடல் தமனிகளிலும் ரத்தக்கட்டி: பல்மனரி எம்பாலிசம். வலது இதயம் திணறும் அறிகுறி உள்ளது, கீழறை விகிதம் 1.3; பழைய எக்கோ இருந்தால் ஒப்பிடவும். வலது கீழ் மடலின் ஆப்பு வடிவ வெண்பகுதியும் சிறிதளவு நீரும் இந்த அடைப்பின் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். டூட்டி டாக்டரிடம் இரவு 11.25க்குப் போனில் சொல்லப்பட்டது.

2. இடது மேல் மடலில் ஓரம் ஒழுங்கற்ற, சுண்ணாம்பு படியாத 9 மி.மீ. திட முடிச்சு, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பழைய சி.டி. இருந்தால் ஒப்பிடவும், இல்லாவிட்டால் 3 மாதத்தில் மறு சி.டி. பரிந்துரைக்கப்படுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்க்கவும்.

3. பித்தப்பைக் கல், அழற்சி அறிகுறி இல்லை.”

பத்து வரி மூன்றாகிவிட்டது. முதல் வரியில் உள்ள 11.25 அலங்காரத்துக்கு இல்லை. நிமிடக் கணக்கில் சொல்ல வேண்டிய செய்தியை டைப் ஆகி, சரிபார்க்கப்பட்டு, ரிப்போர்ட்டாக வெளிவரும்வரை வைத்திருக்கக் கூடாது. ரேடியாலஜிஸ்ட் முதலில் போனை எடுக்கிறார், பிறகுதான் மீதியை டிக்டேட் செய்கிறார். யாரிடம், எத்தனை மணிக்கு என்பது ரிப்போர்ட்டிலேயே பதிவாகிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி. முடிவுரையின் ஒவ்வொரு வரியையும் ஃபைண்டிங்ஸில் அது எங்கிருந்து வந்ததோ அந்த வரியோடு விரல் வைத்து ஒப்பிடுவது. வலது-இடது, மி.மீ.-செ.மீ., ‘உள்ளது’-‘இல்லை’ ஆகிய மூன்றும்தான் இடம் மாறும்போது உடைகிற சாமான்கள். மேலே இரண்டாவது வரியைத் திரும்பப் பாருங்கள். ஃபைண்டிங்ஸ் வலது மேல் மடல் என்கிறது, முடிவுரை இடது மேல் மடல் என்கிறது. இரண்டில் எது சரி என்பதை இரண்டு வரிகளையும் மாறி மாறிப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி படத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் முடிச்சு வலது பக்கம்தான் இருக்கிறது. ‘இடது’ அழிந்து ‘வலது’ ஏறுகிறது. பிறகு கையெழுத்து.